பாத்தி மண்ணு பிஹெச் 5க்கும் 5.5க்கும் நடுவுல காட்டுது, எவ்ளோ சுண்ணாம்பு போடணும்?

கத்திரிப்பூ:
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பாத்தி வச்சிருக்கேன், 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். உருளைக்கிழங்கு அதுல குறையில்லாம வருது, ஆனா பீட்ரூட் போட்டா ரெண்டு இலை விட்டு அப்படியே நின்னுடுது, பீன்ஸ் வெளிறிப் போய் காய் ரொம்ப கம்மி. சரி மண்ண பாத்துடலாம்னு லிட்மஸ் மாதிரி கலர் மாறுற ஸ்ட்ரிப் வாங்கி டெஸ்ட் பண்ணேன், 5க்கும் 5.5க்கும் நடுவுல எங்கயோ காட்டுது. நெட்டுல தேடினா ஒருத்தர் சதுர மீட்டருக்கு 100 கிராம் சுண்ணாம்புங்கிறாங்க, இன்னொருத்தர் அரைக்கிலோங்கிறாங்க. எத நம்புறது? உண்மையிலேயே எவ்ளோ போடணும்?

மஞ்சக்கொடி:
ஸ்ட்ரிப்பெல்லாம் எதுக்குங்க, வீட்லயே மஞ்சத்தூள் இருக்கே. மண்ணு கரைச்ச தண்ணில மஞ்சத்தூள போடுங்க, செவந்தா காரம், மஞ்சளாவே இருந்தா மண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம். நான் அப்படித்தான் பாப்பேன், எப்பவும் மஞ்சளாத்தான் இருக்கும்.

மண்புழு_மாமா:
மஞ்சக்கொடி, செவந்தா காரம்ங்கிறது சரிதான். ஆனா மஞ்சள் நிறம் மாற ஆரம்பிக்கிறதே ஏறக்குறைய 7.5, 8 தாண்டித்தான். அதுக்கு கீழ 7 ஆனாலும் 4.5 ஆனாலும் மஞ்சளாவேதான் நிக்கும். அதனால புளிப்பு மண்ண மஞ்சள் வச்சு கண்டுபிடிக்க முடியாது, அந்த பக்கம் அதுக்கு கண்ணே கிடையாது. வினிகர் விட்டு பொங்குதான்னு பாக்குறதும் இதே கதைதான், பொங்கினா மண்ணுல சுண்ணாம்பு ஏற்கனவே நிறைய கெடக்குன்னு தெரியும், பொங்கலன்னா ஒண்ணும் தெரியாது.

கத்திரிப்பூ, அளவு சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி. ஸ்ட்ரிப்புக்கு எந்த தண்ணி எடுத்தீங்க? மண்ண எங்க இருந்து எடுத்தீங்க, மேலாகவா ஆழத்துல இருந்தா? மண்ணு மணலா, களியா? இத்தன நாளா என்ன உரம் போட்டுட்டு இருந்தீங்க?

கத்திரிப்பூ:
தண்ணி குழாய் தண்ணிதான் சார். மண்ணு பாத்தி நடுவுல மேல இருந்து ஒரு கைப்பிடி எடுத்தேன். ஈரமா உருட்டினா உருண்டை வருது, விரலால தேச்சா நாடா மாதிரி கொஞ்ச நீளம் வந்து ஒடஞ்சிடுது. உரம்னா அமோனியம் சல்பேட், ஒவ்வொரு பட்டத்துக்கும் போடுவேன், ரொம்ப வருஷமா அதுதான்.

மண்புழு_மாமா:
அப்ப காரணம் பாதி தெரிஞ்சுடுச்சு. அமோனியம் சல்பேட்ட மண்ணுல இருக்கிற பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும்போது அமிலம் வெளிய வருது. 1 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்குற அமிலத்த சமன் பண்ண கிட்டத்தட்ட 1.1 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேணும். வருஷா வருஷம் போட்டா மண்ணு சத்தமில்லாம புளிச்சுக்கிட்டே போகும். உருளைக்கு இது ஒத்துக்கும், சொல்லப்போனா புளிப்பு மண்ணுல அதுக்கு சொறி நோயே கம்மியாத்தான் வரும். பீட்ரூட், பசலை, வெங்காயமெல்லாம் இதுல முதல்ல அடிவாங்குற பயிருங்க. ஒரு பீட்ரூட் நாத்த புடுங்கி வேர கழுவி பாருங்களேன், நுனி தடிச்சு, கட்டையா, பக்க வேர் இல்லாம இருந்தா மண்ணுல கரைஞ்சு நிக்கிற அலுமினியம் வேர சுடுதுன்னு அர்த்தம். 5.5க்கு கீழ போகப்போக அலுமினியம் கரைய ஆரம்பிக்கும், செடிய வாட்டுறது பெரும்பாலும் அதுதான்.

இப்ப டெஸ்ட திரும்ப பண்ணுங்க. பாத்தில ஏழெட்டு இடத்துல 15 செ.மீ ஆழத்துக்கு குழி வெட்டி குழியோட பக்கத்துல இருந்து மேல தொடங்கி அடி வரைக்கும் ஒரே சீரா ஒரு துண்டு மண்ணு வழிச்சு எடுங்க, எல்லாத்தையும் ஒண்ணா கலந்து நிழல்ல காய வச்சு சலிச்சிடுங்க. ஒரு பங்கு மண்ணு ரெண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக்கு ஊத்துறதுக்கு விக்கிற டிஸ்டில்ட் வாட்டரே போதும், ஆசிட் கலந்தது மட்டும் வேணாம். குழாய் தண்ணில பைகார்பனேட் இருந்தா அது மண்ணோட புளிப்ப மறைச்சு பிஹெச்ச தூக்கிக் காட்டும். நல்லா கலக்கி அரை மணி நேரம் விட்டுவிட்டு கலக்கணும், அப்புறம் தெளிய விட்டு மேல நிக்கிற தண்ணில மட்டும் ஸ்ட்ரிப்ப முக்குங்க. சேத்துக்குள்ள விட்டா மண்ணு நிறம் ஸ்ட்ரிப்புல ஒட்டிக்கிட்டு ஏமாத்திடும். 1ல இருந்து 14 வரைக்கும் காட்டுற ஸ்ட்ரிப் வேணாம், 4.5ல இருந்து 7 வரைக்கும் மாதிரி குறுகின ரேஞ்சு உள்ளது கிடைச்சா நல்லது.

தொட்டித்தோட்டம்:
சார் நடுவுல ஒரு கேள்வி, எனக்கும் இதே பிரச்சனைதான். நான் தேங்காய் நார் கழிவும் கம்போஸ்டும் கலந்து தொட்டில தக்காளி வச்சிருக்கேன், காயோட அடிப்பக்கம் கருப்பா அழுகுது. கால்சியம் குறைபாடுன்னு சொல்றாங்க, அப்ப நானும் சுண்ணாம்பு போட்டா சரியாகிடுமா? சதுர மீட்டர் கணக்கு தொட்டிக்கு எப்படி போடுறது?

அரைக்கீரை:
தொட்டித்தோட்டம், உங்க பிரச்சனை வேற. தக்காளி அடி அழுகல் கால்சியம் காய்க்கு போய் சேராததால வரும், தொட்டில பெரும்பாலும் தண்ணி ஒருநாள் ஊத்தி ஒருநாள் காயவிடுறதால அது நடக்கும். மண்ணுல கால்சியம் இருந்தும் போக்குவரத்து நின்னு போச்சு, அவ்ளோதான். மொதல்ல ஈரத்த சீரா வைங்க, பிஹெச் பாக்காம சுண்ணாம்பு போடாதீங்க.

தொட்டித்தோட்டம்:
ஓ சரி, ஆனா ரெண்டு வேளையும் தவறாம ஊத்துறேனே... பிஹெச்சையும் பாத்துட்டு தனி இழை போடுறேன்.

கத்திரிப்பூ:
சார் சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன். டிஸ்டில்ட் வாட்டர்ல பாத்தா 5.2. குழாய் தண்ணில அதே மண்ணு 5.7 காட்டுது, அரை புள்ளி வித்தியாசம்! பீட்ரூட் வேரும் புடுங்கி பாத்தேன், நுனி குட்டையா பழுப்பா தடிச்சுதான் இருக்கு, பக்கத்துல இருந்த களச்செடி வேர் நல்லா நூல் நூலா இருந்தது. சரி, இப்ப எவ்ளோ போடணும்?

மஞ்சக்கொடி:
அட்டவணை இருக்கேங்க, 5.2ன்னா சதுர மீட்டருக்கு 250 கிராம்னு எங்கயோ படிச்சேன், போட்டு முடிங்க.

மண்புழு_மாமா:
250 தப்பான எண்ணுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பிஹெச்ச மட்டும் வச்சு அளவு சொல்ல முடியாது. தண்ணில கரைஞ்சு நிக்கிற அமிலத்த மட்டும்தான் ஸ்ட்ரிப் பாக்குது. அத விட பல மடங்கு அமிலம் களித்துகள்லயும் மக்குலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு, சுண்ணாம்பு போட்டதும் அது ஒவ்வொண்ணா வெளிய வந்துகிட்டே இருக்கும். அதனாலதான் 5.2 காட்டுற மணலுக்கு சதுர மீட்டருக்கு 150 கிராம் போதுங்கிற இடத்துல அதே 5.2 காட்டுற களிக்கு 400 கிராம் தாண்டும். நெட்டுல ஆளாளுக்கு ஒரு அளவு சொல்றது இதனாலதான், அவங்கவங்க மண்ணுக்கு அவங்கவங்க சரி.

இதுக்கு வீட்லயே ஒரு வழி இருக்கு. உங்க மண்ணையே கேக்கலாம். காஞ்சு சலிச்ச மண்ணு 1 கிலோ வீதம் நாலு டப்பால எடுங்க. ஒண்ணுல சுண்ணாம்பு போடாதீங்க, மத்த மூணுல 1, 2, 3 கிராம். ஏன் இந்த அளவுன்னா, 1 சதுர மீட்டர் பாத்தில 15 செ.மீ ஆழம்னா 150 லிட்டர் மண்ணு, ஒரு லிட்டர் 1.3 கிலோ வச்சா 195, சுமாரா 200 கிலோ. அப்ப டப்பால 1 கிராம் போட்டது பாத்தில சதுர மீட்டருக்கு 200 கிராம் போட்ட மாதிரி. 1 கிராம கிச்சன் தராசுல நிறுக்க முடியாதுன்னா 10 கிராம் சுண்ணாம்ப 90 கிராம் காஞ்ச மணல்ல நல்லா கலந்துக்கோங்க, அதுல 10 கிராம் எடுத்தா 1 கிராம் சுண்ணாம்பு இருக்கும்.

நல்லா கலந்து, பிடிச்சா உருண்டை நிக்கிற அளவுக்கு, ஆனா பிழிஞ்சா சொட்டாத அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் விட்டு மூடிய லேசா வச்சு நிழல்ல மூணு வாரம் வைங்க. நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா கிளறி விட்டு ஈரம் குறைஞ்சா தண்ணி தெளிங்க. அப்புறம் நாலையும் ஒரே நாள்ல டெஸ்ட் பண்ணுங்க.

அரைக்கீரை:
அண்ணா ஒண்ணு சேத்துக்கிறேன், சுண்ணாம்புன்னா எந்த சுண்ணாம்பு? கடைல வெள்ளைத் தூள்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு தர்றாங்க, ஜிப்சத்தையே சுண்ணாம்புன்னு குடுத்த ஆளும் உண்டு.

மண்புழு_மாமா:
நல்லா ஞாபகப்படுத்தினீங்க. ஜிப்சம் கால்சியம் குடுக்கும், ஆனா புளிப்ப மாத்தாது, அதுல அமிலத்த சமன் பண்ற கார்பனேட்டோ ஹைட்ராக்ஸைடோ கிடையாது. தூள் என்னன்னு தெரியலன்னா ஒரு சிட்டிகைய டிஸ்டில்ட் வாட்டர்ல கலக்கி அகல ரேஞ்சு ஸ்ட்ரிப்ப முக்குங்க. 12 கிட்ட போய் கரு நீலமா ஆனா நீத்தின சுண்ணாம்பு. 8, 9 கிட்ட நின்னா சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ. 7 கிட்டயே நின்னா ஜிப்சமா இருக்கும். அப்புறம் தூள்ல வினிகர் விடுங்க. சுண்ணாம்புக்கல் தூள் உடனே பொங்கும், டோலமைட் மெதுவா குமிழ் விடும், ஜிப்சம் சும்மா இருக்கும். நீத்தின சுண்ணாம்பு புதுசுன்னா பொங்காது, ரொம்ப நாள் காத்துபட்டுக் கெடந்தா அதுவும் கொஞ்சம் கார்பனேட்டா மாறிப் பொங்கும்.

சுண்ணாம்புக்கல் தூள் மெதுவா வேலை செய்யும், வேர சுடாது, புதுசா பண்றவங்களுக்கு அதுதான் சொல்வேன். நீத்தின சுண்ணாம்பு வேகம், 100 கிராம் கல் தூள் பண்ற வேலைய 74 கிராமே பண்ணிடும், ஆனா கைல கண்ணுல பட்டா எரியும், நாத்து நிக்கிற பாத்தில போடக்கூடாது. சுட்ட சுண்ணாம்பு பக்கமே போகாதீங்க, தண்ணி பட்டா கொதிக்கும்.

பச்சப்பசேல்:
இவ்ளோ கெமிஸ்ட்ரி எதுக்கு மக்களே. கம்போஸ்ட் போடுங்க, கம்போஸ்ட் மண்ணோட பிஹெச்ச தானா 7க்கு கொண்டு வந்துடும், புளிப்பா இருந்தாலும் காரமா இருந்தாலும். நான் சுண்ணாம்பே தொட்டது கிடையாது, எனக்கு எல்லாம் நல்லாத்தான் வருது.

மண்புழு_மாமா:
தானா 7க்கு கொண்டு வரும்ங்கிறத ஒத்துக்க முடியல. நல்லா மக்கின கம்போஸ்ட் பெரும்பாலும் 7 பக்கமோ கொஞ்சம் மேலயோ இருக்கும், அதனால புளிப்பு மண்ண கொஞ்சம் ஏத்தும், உண்மை. காரமா சுண்ணாம்பு படிஞ்ச மண்ண இறக்கிடும்ங்கிறது நடக்காது. ஆனா கம்போஸ்ட்ல இன்னொரு பெரிய வேலை நடக்குது, அதுல இருக்கிற மக்கு கரைஞ்ச அலுமினியத்த புடிச்சு கட்டிப்போடும், பிஹெச் அவ்வளவா ஏறாமலே வேர் நல்லா ஓடும். உங்களுக்கு நல்லா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கத்திரிப்பூ, அஞ்சாவதா ஒரு டப்பா வச்சு 20 கிராம் கம்போஸ்ட் மட்டும் போட்டுப் பாருங்க, அது சதுர மீட்டருக்கு 4 கிலோ கணக்கு. எல்லா டப்பாலயும் டெஸ்ட் முடிஞ்சதும் நாலு பீட்ரூட் விதைய ஊனி வைங்க, வேர் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்.

பச்சப்பசேல்:
சரி பாத்துடலாம். ஆனா கம்போஸ்ட்ட 20 கிராமோட நிறுத்தாதீங்க, நான் அதுக்கு மேலயே போடுவேன்.

அரைக்கீரை:
அதுக்கு மேல போனா உப்பும் ஏறும், குறிப்பா சாணம் கோழி எருவுல செஞ்ச கம்போஸ்ட்ல. முளைக்கிற விதைக்கு அது ஆகாது.

கத்திரிப்பூ:
மன்னிச்சுக்கோங்க லேட் ஆயிடுச்சு, டப்பாவெல்லாம் மூணு வாரம் முடிஞ்சது. தூள டெஸ்ட் பண்ணிட்டுதான் போட்டேன், வினிகர்ல உடனே பொங்குச்சு, தண்ணில 9 கிட்ட நின்னுச்சு, கல் தூள்தான். ரிசல்ட்:

ஒண்ணும் போடாதது 5.0
1 கிராம் 5.6
2 கிராம் 6.1
3 கிராம் 6.6
கம்போஸ்ட் மட்டும் 5.3

ஒண்ணும் போடாததே 5.2ல இருந்து 5.0க்கு இறங்கிடுச்சு, நான் எங்கயாச்சும் தப்பு பண்ணிட்டேனா?

மண்புழு_மாமா:
இல்ல, அது அப்படித்தான் இறங்கும். காஞ்சு கிடந்த மண்ணு ஈரம் பட்டு வெதுவெதுன்னு இருந்தா பாக்டீரியா முழிச்சுக்கிட்டு மிச்சம் இருக்கிற அமோனியத்த நைட்ரேட்டா மாத்தும், அதுல அமிலமும் உப்பும் சேரும். அதுக்காகத்தான் ஒண்ணும் போடாத டப்பாவ வைக்கச் சொன்னேன். மத்த டப்பாலயும் இதே இறக்கம் நடந்திருக்கும், அதனால அதுங்கள 5.2ஓட ஒப்பிடாம 5.0ஓட ஒப்பிடணும்.

உங்க மண்ணுல 1 கிராமுக்கு அரை புள்ளிக்கு மேலயே ஏறியிருக்கு. காய்கறிக்கு 6.3 பக்கம் போனா போதும், 7க்கு இழுக்க வேணாம், அதுக்கு மேல போனா இரும்பு, துத்தநாகமெல்லாம் கிடைக்காம இளம் இலை நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல வெளிறும். 6.3ன்னா 2க்கும் 3க்கும் நடுவுல, 2.4 கிராம்னு வச்சுக்கலாம். 2.4ஐ 200ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு 480 கிராம். உங்க பாத்தி 3.6 சதுர மீட்டர், மொத்தம் 1.7 கிலோ சுமாரா.

ஆனா மொத்தமா ஒரே தடவ கொட்டாதீங்க. ஒரு தடவைக்கு சதுர மீட்டருக்கு 250 கிராம தாண்ட வேணாம், அதனால இப்ப 850 கிராம், அடுத்த பட்டம் முடிஞ்சதும் திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு மிச்சம். டப்பால நீங்க கையால பெசஞ்ச மாதிரி பாத்தில கலக்காது, அதனால அங்க ஏத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அதுவும் ரெண்டாவது டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

போடுற விதமும் முக்கியம். காத்தில்லாத நாள்ல காஞ்ச மண்ணு மேல தூவி 15 செ.மீ வரைக்கும் கொத்தி கலந்து விடுங்க. மேலயே விட்டா அது வருஷக்கணக்குல மேல ரெண்டு மூணு செ.மீ தாண்டாது, மேல 7 கீழ 5ன்னு ஆகி வேர் மேல்தட்டுலயே சுருண்டுக்கும். புது சாணம், யூரியா, அமோனியம் சல்பேட் எதையும் அதே நேரத்துல போடாதீங்க, அமோனியா வாயுவா பறந்துடும். ரெண்டு மூணு வாரம் இடைவெளி விடுங்க.

கத்திரிப்பூ:
சார் ரொம்ப நன்றி, இப்பதான் கணக்கு எங்க இருந்து வருதுன்னே புரியுது. ஆனா இன்னொண்ணு, பீட்ரூட் விதையும் போட்டேன்ல, நாத்து வந்துடுச்சு. ஒண்ணும் போடாத டப்பால நுனி கட்டை. 2 கிராம், 3 கிராம்ல வெள்ளையா நல்ல நீளம், பக்க வேர் நிறைய. கம்போஸ்ட் டப்பால பிஹெச் 5.3தான், ஆனா வேர் 1 கிராம் டப்பாவ விட நல்லா இருக்கு! பச்சப்பசேல் சொன்னது சரியோன்னு ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

பச்சப்பசேல்:
பாத்தீங்களா 🙂 நான் தானா 7க்கு வரும்னு சொன்னது சரியில்ல, ஒத்துக்கிறேன், ஆனா செடிக்கு வேணுங்கிறது நடந்திருக்கு.

மண்புழு_மாமா:
நடந்திருக்கு, அத நானும் மறுக்கல. ஆனா நாத்து ரொம்ப சின்னது, வேர் கம்போஸ்ட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கலாம், கிழங்கு வைக்கிற வரைக்கும் அப்படியே போகுமான்னு இந்த டப்பாவ வச்சு சொல்ல முடியாது. மக்கு கரைஞ்சு தேஞ்சுகிட்டே போகும், அது போனா அலுமினியம் திரும்ப வெளிய வரும், அதனால வருஷா வருஷம் போடணும். என்ன கேட்டா ரெண்டும் வேணும்னுதான் சொல்வேன்.

அரைக்கீரை:
கத்திரிப்பூ, பாத்திய ரெண்டா பிரிச்சுடுங்களேன். ஒரு பாதில 250 கிராம் கணக்குல சுண்ணாம்பும் கம்போஸ்டும், இன்னொரு பாதில கம்போஸ்ட் மட்டும். பீட்ரூட் ரெண்டுலயும் ஒரே நாள்ல போட்டா அறுவடைல தெரிஞ்சிடும்.

கத்திரிப்பூ:
அது நல்ல ஐடியா. அப்ப 1.8 சதுர மீட்டர்ல 450 கிராம் சுண்ணாம்பு, சரியா? கலந்ததுக்கு அப்புறம் எவ்ளோ நாள் கழிச்சு விதை போடலாம்? உருளைய எங்க போடுறது?

மண்புழு_மாமா:
450 சரி. கல் தூள் முழுசா வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆனா ஒரு மாசம் ஈரமா இருந்தாலே பீட்ரூட்டுக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் விதைங்க. உருளைய சுண்ணாம்பு போடாத பாதில ஒரு வரிசை மட்டும் வைங்க. உரமா இனிமே அமோனியம் சல்பேட்ட விட்டுட்டு கால்சியம் நைட்ரேட் மாதிரி மண்ண புளிக்க வைக்காததா மாத்துங்க, இல்லன்னா போட்ட சுண்ணாம்ப அதுவே தின்னுடும்.

மஞ்சக்கொடி:
கேக்கணும்னு நெனச்சேன், ரெண்டு குச்சி இருக்கிற பிஹெச் மீட்டர் மண்ணுல குத்தினா காட்டுதே, பேட்டரியே இல்லாம, அது வச்சா இந்த கரைக்கிற வேலையெல்லாம் மிச்சம்தானே?

அரைக்கீரை:
அது ரெண்டு உலோகத்துக்கு நடுவுல வர்ற மின்சாரத்ததான் பாக்குது, ஈரமும் உப்பும் மாறினா எண்ணு மாறும். என்கிட்ட இருக்கிறது தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி 7, ஊத்தின பிறகு 6.2. வாங்கினா கண்ணாடி நுனி உள்ள பேனா மீட்டர் வாங்குங்க, 4, 7 பஃபர் கரைசல்ல ஒவ்வொரு தடவையும் சரி பாத்துட்டு உபயோகிக்கணும், நுனி காயக்கூடாது.

கத்திரிப்பூ:
பேனா மீட்டர் பக்கத்து வீட்ல ஒண்ணு இருக்கு, அதுல என் மண்ணு கரைசல் 4.9 காட்டுது, ஸ்ட்ரிப் 5.2. பஃபர்ல சரி பாத்துட்டுதான் வச்சாங்க. எத எடுத்துக்கிறது?

மண்புழு_மாமா:
0.3 வித்தியாசம் ஸ்ட்ரிப்புக்கும் மீட்டருக்கும் சகஜம், உப்பு கம்மியா இருக்கிற தண்ணில ரெண்டுமே தடுமாறும். உங்க வேலைக்கு ஒரே கருவிய கடைசி வரைக்கும் வச்சுக்கோங்க, டப்பாவுக்கு ஸ்ட்ரிப் வச்சா பாத்திக்கும் ஸ்ட்ரிப்தான். எது நிஜமான எண்ணுன்னு லேப்ல குடுத்தாதான் தெரியும். மீட்டர் சொல்றது சரின்னா இலக்கு 6.3க்கு சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வேணும், அதனாலயும்தான் பாதி பாதியா போடச் சொல்றேன்.

கத்திரிப்பூ:
சரி சார், ஸ்ட்ரிப்போடவே போறேன். ஞாயித்துக்கிழமை பாத்திய பிரிச்சு கலந்துடுறேன், பீட்ரூட் வேர் ரெண்டு பாதிலயும் எப்படி இருக்குன்னு இங்கயே போட்டோ போடுறேன்.